கலைச்சொல் வேண்டும்: x-அச்சோடு முடிவுப் பக்கம் சேரும் குறுங்கோணத்துக்கு என்ன பெயர்?

அமுதா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்கு ஓரலகு வட்டப் படம் ஒன்றும் அதோடு சேரும் சொற்பட்டியலும் தயாராகின்றன. ஓரலகு வட்டம், கால்பகுதி, தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. ஆங்கில நூல்களில் 'ரெஃபரன்ஸ் ஆங்கிள்' என்று வரும் ஒன்றுதான் பாக்கி. வரைவில் இப்போதைக்குக் 'குறிப்புக் கோணம்' என்று போட்டிருக்கிறேன். கேள்வியில் குறிப்பிட்ட கோணம்தான் அது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். 217° என்று கேட்டால் குறிப்புக் கோணமும் 217° என்றே எழுதுகிறார்கள்.

படம் இப்படி: வரைபடத் தாளில் 5 செ.மீ. ஆரத்தில் வட்டம். 5 செ.மீ. என்பது 1 என்றால் ஒரு மி.மீ. 0.02 ஆகும். (10 செ.மீ. ஆரம் கணக்குக்கு வசதிதான். ஆனால் A4 தாளின் அகலமே 21 செ.மீ. அச்சில் எண் எழுத ஓரம் இருக்காது.) வலப்பக்க x-அச்சிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 217° அளந்து முடிவுப் பக்கத்தை வரைந்தால், அது வட்டத்தை மூன்றாம் கால்பகுதியில் வெட்டும். அந்தப் புள்ளி மையத்துக்கு இடப்புறம் 40 மி.மீ., கீழே 30 மி.மீ. எனவே cos 217° ஏறத்தாழ −0.80, sin 217° ஏறத்தாழ −0.60. முடிவுப் பக்கத்துக்கும் இடப்பக்க x-அச்சுக்கும் இடையில் 37° இருக்கிறதே, அதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

செழியன் எழுதியது:

எளிதாக 'அண்மைக் கோணம்' என்று வைத்துவிடலாம். முடிவுப் பக்கத்துக்கு எந்த அச்சு பக்கத்தில் இருக்கிறதோ அதோடு சேரும் கோணம். 217°-க்கு 180° அருகில், எனவே 37°. 120°-க்கு 90° அருகில், எனவே 30°. குறியை 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' பார்த்துக்கொள்ளும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சிவகாமி எழுதியது:

செழியன் தம்பி, உங்கள் 120° கணக்கையே முடித்துப் பாருங்கள். 30° என்று எடுத்து, இரண்டாம் கால்பகுதியில் சைன் மிகை என்று குறியும் போட்டால் sin 120° = 0.5 என்று வரும். சரியான விடை 0.866. படத்தில் பார்த்தால் ஐயமே இருக்காது. 120°-இன் புள்ளி மையத்துக்கு மேலே 43 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, 25 மி.மீ. உயரத்தில் இல்லை.

வம்பு என்னவென்றால் 'அண்மை' விதி பாதி இடங்களில் சரியாக வந்துவிடும். 150°, 210°, 330° எல்லாம் x-அச்சுக்கு அருகில் உள்ளவை, அங்கே பிழை தெரியாது. 135°-இல் இரண்டு அச்சும் சமதூரம், அங்கேயும் தெரியாது. 120°, 240°, 300° மூன்றிலும்தான் மாட்டிக்கொள்வோம். திருத்துகிற ஆசிரியருக்கு அடையாளம்: குறி சரியாக இருந்து, சைனும் கொசைனும் இடம் மாறியிருந்தால் பையன் y-அச்சிலிருந்து அளந்திருக்கிறான்.

x-அச்சு ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 37°-இன் புள்ளியை y-அச்சில் மடித்தால் 143°, அதை x-அச்சில் மடித்தால் 217°, மறுபடி y-அச்சில் மடித்தால் 323°. நான்கும் ஒரே செவ்வகத்தின் மூலைகள். அரை அகலம் 40 மி.மீ., அரை உயரம் 30 மி.மீ. என்பது எந்த மூலையிலும் மாறுவதில்லை, குறி மட்டும் மாறுகிறது. y-அச்சிலிருந்து 37° விலகிய புள்ளிகளுக்குச் செவ்வகமே வேறு, குறுகலாக நெட்டுக்குத்தாக நிற்கும். ஆகவே அச்சின் பெயர் கலைச்சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும். என் பரிந்துரை 'கிடையச்சுக் கோணம்'.

செழியன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக அல்ல. sin(90° + 30°) = cos 30° என்று நம் பாடத்திலேயே வருகிறது. 90°, 270° பக்கம் போனால் சைனைக் கொசைனாக மாற்றிக்கொள் என்ற விதியோடு சேர்த்தால் என் முறையும் 0.866 தருகிறது.

சிவகாமி எழுதியது:

தருகிறது. ஆனால் அப்போது நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு: குறி மாற்றம், பெயர் மாற்றம். படம் வரைந்து கற்பிப்பதே இரண்டாவதைத் தவிர்க்கத்தானே!

வேலு எழுதியது:

நான் நிலஅளவைக்காரன், கணக்கு வாத்தியார் இல்லை. எங்களிடமும் இதே சரக்கு உண்டு, ஆனால் தலைகீழ். வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் 360° வரை அளப்போம். பிறகு அதைக் குறுக்கி எழுதுவோம்: 120° என்றால் 'தெ 60° கி', அதாவது தெற்கிலிருந்து கிழக்கே 60°. எப்போதும் வடக்கு–தெற்குக் கோட்டிலிருந்துதான், கிழக்கு–மேற்கிலிருந்து எடுப்பதே இல்லை. 50 மீட்டர் கோடு ஒன்று 120°-இல் போனால் தெற்கே 50 × cos 60° = 25 மீ., கிழக்கே 50 × sin 60° = 43.3 மீ.

எங்கள் பிள்ளைகளுக்குக் கொசைன்தான் நெட்டுக்குத்து, சைன்தான் கிடை. பாலிடெக்னிக் முதலாண்டில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இதுதான். நீங்கள் வெறும் 'அச்சுக் கோணம்' என்று வைத்துவிடாதீர்கள், எங்கள் பக்கத்தில் அது y-அச்சு என்றே படிக்கப்படும்.

சிவகாமி எழுதியது:

வேலு ஐயா, அருமையான எடுத்துக்காட்டு. உங்கள் 120° கோட்டை எங்கள் வட்டத்தில் போட்டால் அது 330°, நான்காம் கால்பகுதி. x-அச்சிலிருந்து 30°. நீங்கள் 60° என்கிறீர்கள், நாங்கள் 30° என்கிறோம், கோடு ஒன்றே. தொடக்கக் கோட்டைச் சொல்லாத பெயர் உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நசீர் எழுதியது:

இதற்கு ஏன் புதுச்சொல்? 'முதன்மை மதிப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே. கால்குலேட்டரில் sin⁻¹ அழுத்தினால் வருவது அதுதானே.

அமுதா எழுதியது:

இல்லை நசீர், நான் கேட்டது வேறு. sin⁻¹(−0.6) அழுத்தினால் திரையில் −36.87 வரும். அதுதான் முதன்மை மதிப்பு. நான் பெயர் கேட்கும் கோணம் 36.87°, அதற்குக் குறி கிடையாது. ஆனால் நீங்கள் தொட்ட இடம் முக்கியமானது. மதிப்பிலிருந்து கோணத்துக்குத் திரும்பும்போதுதான் அதிகம் தவறுகிறார்கள்.

sin θ = −0.6 என்றால் படத்தில் மையத்துக்குக் கீழே 30 மி.மீ.-இல் கிடைக்கோடு ஒன்று இழுக்க வேண்டும். அது வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும்: மூன்றாம் கால்பகுதியில் 216.87°, நான்காவதில் 323.13°. கால்குலேட்டர் தந்த −36.87° இரண்டாவதைத்தான் சொல்கிறது. முதலாவதை அது சொல்வதே இல்லை, நாமேதான் 180°-உடன் 36.87°-ஐக் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். கொசைன் தந்திருந்தால் கோட்டை நெட்டுக்குத்தாகப் போட வேண்டும்: cos θ = −0.8 என்றால் 143.13°, 216.87°. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் 216.87° என்ற ஒரே விடை.

நசீர் எழுதியது:

புரிந்தது, நன்றி. நிரலில் இதற்காகவே `atan2` இருக்கிறது. வெறும் `atan(y/x)` போட்டால் −0.6-ஐ −0.8-ஆல் வகுக்கும்போதே இரு கழித்தல் குறியும் அடிபட்டு 36.87° வந்து நிற்கும். அதாவது உங்கள் பெயரில்லாக் கோணம்!

```python
import math
a = math.degrees(math.atan2(-0.6, -0.8))
print(round(a, 2), round(a % 360, 2))
```

விடை `-143.13 216.87`. y முதலில், x பிறகு என்பதை மறந்தால் கோணம் வேறெங்கோ போய்விடும்.

இன்னொன்று, கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் sin 210 என்பதற்கு 0.4677 காட்டும். படம் பக்கத்தில் இருந்தால் உடனே பிடித்துவிடலாம்: 210° கிடைக்கோட்டுக்குக் கீழே இருக்க, மிகை விடை எப்படி வரும்?

தர்ஷினி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஆரத்தை ஆரை என்போம், குறுங்கோணத்தைக் கூர்ங்கோணம் என்போம், ஆகவே இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொல்லாக அமைந்தால் நல்லது. 'கிடையச்சுக் கோணம்' என்பதில் எனக்கொரு தயக்கம். நேர்கோட்டின் சாய்வைப் படிப்பிக்கும்போதும் x-அச்சோடு கோடு சேரும் கோணம் என்றுதான் சொல்கிறோம். அது 143° ஆகவும் இருக்கலாம். மாணவர் இரண்டையும் ஒன்றென்று நினைப்பார்கள். சிவகாமி அம்மா சொன்ன செவ்வகத்தின் முதல் மூலையைப் பிடித்து 'முதற்கால் கோணம்' எனலாமே? எப்போதும் 0°-க்கும் 90°-க்கும் இடையில்தான் இருக்கும் என்பதும் பெயரிலேயே வந்துவிடும்.

சிவகாமி எழுதியது:

நல்ல சொல், தர்ஷினி. என் அச்சம் ஒன்றே. முதற்கால் என்று கேட்டதும் புள்ளியையே முதல் கால்பகுதிக்குத் தூக்கிக்கொண்டுபோய், cos 217° = +0.80 என்று எழுதிவிட்டு வருவார்கள். கோணம் புள்ளி இருக்கும் கால்பகுதியிலேயேதான் இருக்கிறது. அளவு மட்டும்தான் முதற்காலுக்கு உரியது. சாய்வுக் கோணத்தோடு மயங்கும் என்ற உங்கள் மறுப்புக்கும் என்னிடம் பதில் இல்லை.

வேலு எழுதியது:

நீளமானாலும் 'கிடையச்சுக் குறுங்கோணம்' என்றால் 143° உள்ளே நுழையாதே?

தர்ஷினி எழுதியது:

எங்களுக்கு அது 'கிடையச்சுக் கூர்ங்கோணம்' ஆகிவிடும், மறுபடியும் இரண்டு சொல்! அதோடு 270°-க்கு இந்தக் கோணம் 90°, 180°-க்கு 0°. இரண்டுமே கூர்ங்கோணம் அல்ல.

அமுதா எழுதியது:

படம் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் படத்தில் 'கிடையச்சுக் கோணம்' என்று இடுகிறேன். அந்தக் கோணத்தின் வில்லை x-அச்சிலிருந்து தொடங்கி நிறமிட்டுக் காட்டுவேன், சாய்வுக் கோணத்தோடு மயங்காமலிருக்க 217°-இன் முழு வில்லும் வேறு நிறத்தில் இருக்கும். சொற்பட்டியலில் 'முதற்கால் கோணம்' என்பதும் பக்கத்தில் நிற்கட்டும், 'குறிப்புக் கோணம்' நீக்கம்.

படத்தின் அடியில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். cos 5° = 0.9962. நம் 5 செ.மீ. வட்டத்தில் இது 0°-இன் புள்ளியிலிருந்து 0.2 மி.மீ. கூடத் தள்ளவில்லை, பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். ஆனால் அதே கோணத்தின் சைன் 0.087, மேலே 4 மி.மீ.-க்குச் சற்று அதிகம், நன்றாகத் தெரியும். எனவே x-அச்சை ஒட்டிய கோணங்களைச் சைன் கொண்டும், y-அச்சை ஒட்டியவற்றைக் கொசைன் கொண்டும் படித்தறியச் சொல்கிறேன். 'படித்தறிதல்' சரியா, 'வாசித்தல்' சரியா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.