அட்டவணையில் இருந்த 26.5 எதனுடைய அளவு?

வேளச்சேரி வாசி
அலுவலகத்துக்கென்று சென்ற மாதம் இணையத்தில் கறுப்பு ஷூ வாங்கினேன். சுவரில் குதிகாலைப் பதித்துத் தாளின் மேல் நின்று அளந்தபோது, இரு பாதங்களில் நீளமானது 26.4 சென்டிமீட்டர் இருந்தது. அட்டவணையில் எட்டாம் எண்ணுக்கும் ஐரோப்பிய 42-க்கும் நேரே 26.5 என்று போட்டிருந்ததால், எட்டையே வரவழைத்தேன். மொட்டைமாடியில் இரண்டு சுற்று நடப்பதற்குள் கட்டைவிரல் நுனியில் முட்டி வலித்தது. உள்ளிருந்த இன்சோலை உருவி ஸ்கேல் வைத்தால், அதன் நீளமே 26.5 தான்! திரும்ப எடுக்க வந்த தம்பி செல்போன் வெளிச்சத்தில் அடிப்பாகத்தைப் பார்த்து, பள்ளத்தில் இருந்த சிமெண்டுத் தூளை விரலால் தொட்டுக் காட்டி, "போட்டு நடந்திருக்கீங்க சார், எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த விரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தாம்பரம் ரவி
இதற்கு அட்டவணையே தேவையில்லை. எப்போதும் ஓர் எண் கூட்டி வாங்கினால் போதும். நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

பழைய ஷூ தொழிலாளி
ரவி அவர்கள் சொல்வது பாதி சரி. பிரிட்டிஷ் அளவில் ஓர் எண் கூடினால் நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் கூடும். ஆனால் அகலம் போதாமல் பிடிக்கும் ஷூவுக்கு நீளத்தைக் கூட்டினால், குதிகால் கழன்று கழன்று வரும். ஆம்பூரில் வேலை பார்த்த நாள்களில் நாங்கள் வைத்திருந்த கணக்கு இது: ஐரோப்பிய எண்ணை இரண்டால் பெருக்கி மூன்றால் வகுத்தால், ஷூ தைக்கும் அச்சின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 42-க்கு 28 வரும். விரலுக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்பதால், 42-க்கு நேரே 26.5 இருந்தால் அது பாதத்தின் அளவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் இன்சோலே 26.5 என்றால், அந்த ஷூ ஏறக்குறைய 40-க்குரியது. நீங்கள் அளந்ததில் தவறில்லை. தவறு அட்டவணையிலா, ஒட்டிய எண்ணிலா என்பதை விற்றவர்தான் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூர் கீதா
என் அப்பாவுக்கு மாலையில் கால் வீங்கும். காலையில் அளந்து வாங்கிய செருப்பு, சாயங்காலம் வாரில் தடம் பதிய இறுக்கியது. திருப்பினால் பணம் தருவார்கள் என்றிருந்தேன். கடைசி வரியில் "அளவு மாற்றம் மட்டும்" என்று இருந்ததைக் கவனிக்கவில்லை, மாற்றக் கேட்டபோதோ அடுத்த எண் இருப்பில் இல்லை. இப்போதெல்லாம் பொருள் வந்த அன்று மாலையே, சாக்ஸுடன், பாயின் மேல் மட்டும் நடக்கவைக்கிறேன். அட்டைப்பெட்டி மேலேயே முகவரி ஒட்டியிருந்தாலும் கவனம், அண்ணா: கிழித்தால் பெட்டி சேதம் என்பார்கள்.

வேளச்சேரி வாசி
பெட்டி பத்திரமாக இருக்கிறது, கீதா. இன்சோல் மேல் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். "பரிசீலனையில்" என்று நான்கு நாள்களாகக் காட்டுகிறது.