பங்கைப் பிளப்பதா, பகுப்பதா?

முள்ளியவளையில் இருந்து:

வணக்கம். உயர்தரப் பிள்ளைகளின் கணக்கீட்டு விடைத்தாள்கள் மேசையில் கிடக்கின்றன. ஒரு பங்கைப் பல சின்னப் பங்குகளாக்கும் 'ஷெயார் ஸ்பிளிட்' என்பதை ஒருத்தி 'பங்குப் பிளவு' என்று எழுதியிருக்கிறாள். கட்சி உடைந்த செய்தி மாதிரி இருக்கிறது. இன்னொருவன் 'பங்குப் பிரிப்பு' என்கிறான். காசு வாங்காமல் பங்காளருக்குக் கொடுக்கும் போனஸ் பங்குக்கு 'உபகாரப் பங்கு' என்று நாங்களே படிப்பிக்கிறோம், ஆனால் கம்பனி யாருக்கு என்ன உபகாரம் செய்தது என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இல்லை. நல்ல சொற்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பரந்தனில் இருந்து:

ரீச்சர், 'பங்குப் பிரிப்பு' வேண்டவே வேண்டாம். எங்கட பக்கத்தில் தீபாவளிக்கு ஆடு அடித்துப் பங்கு போடுகிறதைத்தான் அது நினைவுபடுத்தும். ஆனால் விஷயம் அதுதான். பத்துப் பங்கு போட்ட இறைச்சியை இருபதாகப் போட்டால் ஆடு பெருக்காது. போனஸும் அதேதானே? இரண்டுக்கும் சேர்த்துப் 'பங்குப் பெருக்கம்' என்று ஒரே சொல் போதும்.

மாங்குளத்தில் இருந்து:

பெருக்கமா? எனக்குச் சுருங்கித்தான் போனது. 300 பங்கு வைத்திருந்தேன், ஒன்று 90 ரூபா. இரண்டுக்கு ஒன்று போனஸ் என்றார்கள். ஒரு காலை செயலியைத் திறந்தால் விலை 60, பக்கத்தில் 9,000 ரூபா நட்டம் என்று சிவப்பில். பயந்து அத்தனையையும் விற்றேன், 18,000 வந்தது. தரகரைக் கேட்டால் 'பொறுங்கள்' என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதற்கும் ஒரு சொல் கண்டுபிடியுங்கள்.

கிளிநொச்சியில் இருந்து:

மாங்குளத்துத் தம்பி, உங்கள் பங்குகள் பதிவாகி இருக்கும் சீ.டீ.எஸ். கணக்கைத் திரும்பப் பாருங்கோ. போனஸுக்கு உரிமை இல்லாத நாளில் இருந்துதான் விலை 60 ஆகும். நீங்கள் அதற்குப் பிறகு விற்றபடியால் 150 பங்கு உங்களுடையதே, கணக்கில் ஏறத்தான் சில நாள் பிந்தும். 150ஐ 60ஆல் பெருக்கினால் அந்த 9,000. சிவப்பு எழுத்து பொய் சொல்லியது, அவ்வளவுதான்.

பரந்தன் அண்ணை சொன்னது பாதி சரி. கம்பனியின் பெறுமதி இரண்டிலும் மாறாது. ஆனால் ஐந்தொகையைத் திறந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு வேலை. ஒரு கம்பனிக்குக் கூறப்பட்ட மூலதனம், அதாவது பங்குகளுக்கென்று கணக்கில் நிற்கும் முதல், 2 கோடி, நிறுத்தி வைத்த இலாபம் 5 கோடி, மொத்தம் 7 கோடி என்று வைப்போம். பங்குகள் 10 இலட்சம். ஒன்றை மூன்றாக ஸ்பிளிட் செய்தால் பங்குகள் 30 இலட்சமாகும், 2ம் 5ம் அப்படியே நிற்கும். பெரிய மூடையில் கிடந்த நெல்லைச் சின்ன மூடைகளில் கட்டின கதை. போனஸில் 5 இலட்சம் புதுப் பங்குகளை ஒன்று 60 ரூபா என்று கொடுத்தால், 3 கோடி இலாபத்தில் இருந்து மூலதனத்துக்கு நகரும். இப்போது மூலதனம் 5, இலாபம் 2. மொத்தம் அதே 7.

நகர்ந்ததால் என்ன என்று கேட்பீர்கள். கடன்களையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் சொத்து இருந்தால்தான் பங்கிலாபம் கொடுக்கலாம் என்பது சட்டம். முன்பு 5 கோடி வரை இடம் இருந்தது, இனி 2 கோடிதான். விற்க வைத்த நெல்லில் கொஞ்சத்தை விதைநெல் என்று ஒதுக்கிக் கட்டி வைப்பது போல. வீட்டில் உள்ள நெல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அந்த மூடையில் இனிக் கைவைக்க ஏலாது.

ஆகவே ஸ்பிளிட்டுக்குப் 'பங்குப் பகுப்பு', போனஸுக்கு 'ஒதுக்கப் பங்கு' என்பேன். நிறுத்தி வைத்த இலாபமாகிய ஒதுக்கத்தில் இருந்து பிறந்த பங்கு.

வவுனியாவில் இருந்து:

'பகுப்பு' நல்லது. தமிழ்நாட்டில் ஸ்பிளிட் என்றால் பங்கின் மேல் எழுதியிருக்கும் முகமதிப்பு 10 ரூபாயில் இருந்து 2 ஆகிறது என்று விளக்குவார்கள். இங்கே 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தோடு முகப்பெறுமதியே போய்விட்டது. அதனால் முகத்தைச் சொல்லாத சொல் இரண்டு பக்கமும் செல்லும்.

'ஒதுக்கப் பங்கு'தான் இடறுகிறது. யாருக்கோ ஒதுக்கி வைத்த பங்கு, ஊழியர் கோட்டா என்று படிப்பார்கள். 'மூலதனமாக்கற் பங்கு' சரியான பொருள், ஆனால் வாய்க்குள் அடங்காது.

பரந்தனில் இருந்து:

அப்படியென்றால் 'விதைப் பங்கு'? கேட்டவுடன் விளங்கும்.

கிளிநொச்சியில் இருந்து:

அண்ணை, புதுக் கம்பனிக்குப் போடும் ஆரம்பக் காசை ஏற்கெனவே விதை முதல் என்கிறார்கள். குழம்பும்.

மாங்குளத்தில் இருந்து:

150 ஏறியிருக்கு. நன்றி அண்ணை. இனிக் காசு கட்டச் சொல்லிக் கடிதம் வருமா?

கிளிநொச்சியில் இருந்து:

வராது தம்பி. காசு கட்டி வாங்குவது உரிமைப் பங்கு. அங்கே புதுக்காசு உள்ளே வரும், கம்பனியே பெருக்கும். இதில் ஒரு சதமும் வரவில்லை.

முள்ளியவளையில் இருந்து:

இனி 'பங்குப் பகுப்பு' என்று எழுதுகிறவர்களுக்கு முழுப் புள்ளி போடுகிறேன். போனஸுக்கு இந்தத் தவணை 'உபகாரம்'தான் இருக்கட்டும், ஆனால் அடுத்த பாடத்தில் விதைநெல் மூடையோடு போகிறேன். வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.