காது குத்த ஆசாரி தேவை, மதுரைப் பக்கம்

மகளுக்கு 11ஆவது மாதம் நடக்கிறது. ஒற்றைப்படை மாதத்திலேயே முடிக்க வேண்டும் என்கிறார் மாமியார். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, என் தம்பி மடியில் உட்கார வைத்துக் காது குத்தப் போகிறோம். தோடும் புதுச்சட்டையும் தாய்மாமன் சீர்.

பெரியவளுக்குக் குத்தியபோது ஒரு காது முடிந்ததும் தலையைத் திருப்பிவிட்டாள். மறு துளை சற்று மேலே ஏறிவிட்டது, இன்றும் கம்மல் கோணலாகத்தான் நிற்கிறது. அதனால் முதலிலேயே இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, தங்கக் கம்பியால் குத்தும் பொறுமையான ஆசாரி யாராவது தெரியுமா?

அப்புறம், அழுகையை நிறுத்த வாயில் காப்பரிசி திணிப்பார்கள். நாலு பல்தான் முளைத்திருக்கிறது, அழும்போது புரையேறுமே! வாழைப்பழத்தை மசித்து, அழுகை அடங்கியபின் கொடுக்கலாம் என நினைக்கிறேன். நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?