கம்பத்தே, யொரோஷிக்கு: சொல்லகராதியில் எப்படிப் பதிவது?

அன்பர்களே,

ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கான சிறு சொல்லகராதியில் இரண்டு பதிவுகள் தொங்கலில் நிற்கின்றன. 'கம்பத்தே', 'யொரோஷிக்கு ஒனெகாய்ஷிமாஸு'. ஆங்கில வழி நூல்கள் முதலாவதை 'குட் லக்' என்றும் இரண்டாவதை 'நைஸ் டு மீட் யூ' என்றும் முடித்துவிடுகின்றன. நாமும் 'வாழ்த்துகள்', 'சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று போட்டுவிடலாமா? அப்புறம், இந்த வகைத் தொடர்களுக்கு ஒரு பொதுப்பெயரும் வேண்டும். 'முகமன் தொடர்' என்பது என் முன்மொழிவு.
– க.

---

க. அவர்களுக்கு,

யொரோஷிக்கு என்பது மடலின் கடைசியில் வருவதுதானே? எங்கள் அலுவலகத்திற்கு ஜப்பானிலிருந்து வரும் மடலெல்லாம் அப்படித்தான் முடியும். ஒருமுறை 'கொகாக்குனின் நோ ஹோதோ, யொரோஷிக்கு ஒனெகாய் இதாஷிமாஸு' என்று முடிந்திருந்ததை ஒருவர் 'நல்வாழ்த்துகளுடன்' என்று பெயர்த்து அனுப்பினார். கோப்பைச் சரிபார்க்கச் சொன்னதே அந்த வரிதான். வாழ்த்து என்று நினைத்து ஒருவரும் கோப்பைத் திறக்கவில்லை. அதனால் 'கேட்டுக்கொள்கிறேன்' என்று போட்டால் போதும்.
– மு.

---

மு. ஐயா, மடலுக்கு அது சரி. ஆனால் க. கேட்பது அறிமுகத்தில் வருவதைப் பற்றியும்தான். புதிதாக வேலைக்குச் சேர்பவர் பெயரைச் சொல்லித் தலைகுனிந்து 'யொரோஷிக்கு ஒனெகாய்ஷிமாஸு' என்கிறார். அங்கே எதைக் 'கேட்டுக்கொள்கிறார்'? ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் ஆட்டக்காரர்கள் முதல் காய் நகர்த்துமுன் எதிராளியிடம் 'ஒனெகாய்ஷிமாஸு' என்கிறார்கள். எதிராளியிடம் என்ன உதவி?

நான் பார்க்கும் சோதனை வேறு. அந்தத் தொடருக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். 'சந்தித்ததில் மகிழ்ச்சி' என்றால் 'எனக்கும் மகிழ்ச்சி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யொரோஷிக்குவுக்கு 'கொச்சிரா கோசோ' என்கிறார்கள். வேண்டுகோளை அப்படியே திருப்பித் தருவது அது. இனிமேல் நடக்கப்போகும் பழக்கத்தில் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளச் சொல்வது. அதனால்தான் பல வருடம் பழகியவர்களும் புத்தாண்டில் 'கொத்தொஷி மோ யொரோஷிக்கு', அதாவது இந்த வருடமும் அப்படியே, என்கிறார்கள். முதல் சந்திப்பு அங்கே ஏது? நம் வழக்கில் 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்பதும், அதற்கு 'நீங்களும் எங்களைப் பார்த்துக்கோங்க' என்பதும் கிட்ட வருகின்றன.

கம்பத்தேக்கும் இதே சோதனைதான். 'வாழ்த்துகள்' என்றால் பதில் 'நன்றி'. தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் 'கம்பத்தே' என்றால் 'கம்பரிமாஸு' என்று வருகிறது. விடாமல் செய்கிறேன் என்ற வாக்கு அது. அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலையே இல்லை, பாரம் முழுக்கக் கேட்பவர் தலையில்.
– இர.

---

இர. அக்கா சொல்வதோடு ஒன்று. அந்த வினை 'கா ஓ ஹரு', அதாவது தன்முனைப்பை விறைப்பாக நிறுத்துவது என்பதிலிருந்து வந்தது. எனவே 'பிடிவாதம் பிடி' என்பதே நேர்ச் சொல்.
– சு.

---

தம்பி சு., அது பாதி சரி. பிறப்பைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு, கண்ணை அகல வைத்துக் காவலிருப்பது என்றும் சொல்வார்கள். இப்போது அதை எழுதும் கான்ஜி என்ற சீன எழுத்துகள் ஒலிக்காக ஒட்டவைத்தவை, அவற்றைப் பிரித்துப் பொருள் எடுக்காதீர்கள். ஆனால் பிடிவாதச் சாயல் உண்மைதான். வாசலில் காவலர் நகராமல் நிற்பதையும் 'கம்பரு' என்றே இன்றும் சொல்லலாம். அதற்காகத் தேர்வெழுதும் பிள்ளையிடம் 'பிடிவாதம் பிடி' என்போமா? 'விட்டுடாதே', 'நல்லாப் பண்ணு' என்போம்.

1995இல் கோபே நகரைத் தாக்கிய ஹான்ஷின் நிலநடுக்கத்துக்குப் பிறகு, அந்நகரின் ஓரிக்ஸ் பேஸ்பால் அணி சட்டைக் கையில் 'கம்பரோ கோபே' என்று அணிந்து ஆடி, அந்த வருடம் பசிபிக் லீக்கை வென்றது. 'கம்பரோ' என்றால் சேர்ந்து செய்வோம். சொல்பவரும் பாரத்தில் தோள் கொடுக்கிறார். 'கம்பத்தே'யில் அது இல்லை. மனச்சோர்வில் இருப்பவரிடம் அதைச் சொல்லாதீர்கள் என்று ஜப்பானிலேயே எச்சரிப்பது அதனால்தான். ஏற்கெனவே முடிந்தவரை செய்துகொண்டிருப்பவருக்கு அது 'இன்னும் போதாது' என்று கேட்கும். மேலதிகாரியிடம் சொன்னாலும் மரியாதைக் குறைவு. இந்த இரண்டு வரம்பும் பதிவில் இருக்கவேண்டும், பொருளை விட அதுதான் படிப்பவருக்கு உதவும்.
– இர.

---

சரி, அப்படியானால் 'கம்பத்தே' பதிவில் 'விட்டுடாதே, நல்லாப் பண்ணு' என்று போட்டு, பதிலையும் வரம்பையும் சேர்க்கிறேன். யொரோஷிக்குவை அறிமுகம், மடல், ஆட்டத் தொடக்கம் என மூன்றாகப் பிரிக்கிறேன்.

பொதுப்பெயர்தான் இடிக்கிறது. கம்பத்தே முகமன் இல்லை.
– க.

---

'தருணத்தொடர்' என்று வையுங்கள். இடமும் ஆளும் தெரிந்தால்தான் பொருள் தெரியும்.
– சு.

---

எல்லாப் பேச்சும் அப்படித்தானே, சு.? பதில் இன்னதென்று கட்டிவைத்திருப்பதுதான் இவற்றின் தனித்தன்மை. 'எதிர்மொழித்தொடர்' என்றால்? ஆனால் ஷோகிக்காரர் இருவரும் ஒரே தொடரைத்தான் சொல்கிறார்கள், அங்கே எது எதிர்மொழி என்று எனக்கே குழப்பம்.
– இர.

---

மடலுக்கு மட்டும் 'கேட்டுக்கொள்கிறேன்' இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள்.
– மு.