தக்காளியைத் தூக்கினால் கை நடுங்குகிறது: சர்வோ அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு பாலிடெக்னிக்

ஒரு மாதமாக இது மனதிலேயே கிடக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்கு தக்காளி எடுத்து டிரேயில் வைக்கும் ரோபோ கை செய்தோம், எங்கள் ஊரில் வேறு எதைத் தூக்குவது. தோளில் எம்ஜி 996 சர்வோ மோட்டார், பிளைவுட் கை 20 செ.மீ., நுனியில் குட்டி சர்வோ வைத்த கிரிப்பர், ஆர்டுயினோவில் ஒரு நாப் வைத்து ஓட்டினோம். வெறும் கையாக இருக்கும்வரை பிரமாதம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அவரே ஒரு தக்காளியை வைத்தார், கை படுக்கை நிலைக்கு வந்ததும் என் தாத்தா டீ டம்ளர் பிடிப்பது மாதிரி ஆட ஆரம்பித்தது. விழவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது. அவர் "பசிக்குதா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார்.

சர்வோ 9 கிலோ தூக்கும் என்று கவரில் இருந்தது, தக்காளி 150 கிராம். மார்க் கிடைத்துவிட்டது, அது இல்லை பிரச்சினை. ஏன் ஆடியது?

ஓசூர் நைட் ஷிப்ட்

கரண்ட் பத்தவில்லை, அவ்வளவுதான். எனக்கும் பொம்மை ஜேசிபி செய்தபோது இதேதான் நடந்தது, பக்கெட் தூக்கும்போதெல்லாம் ஆர்டுயினோவே ரீசெட் ஆகும். யுஎஸ்பியில் 500 மில்லி ஆம்பியர்தான் கணக்கு, இந்த சர்வோ முட்டி நின்றால் இரண்டரை ஆம்பியர் கேட்கும். ஆகவே தனி அடாப்டர் வாங்குங்கள், 5 வோல்ட் 3 ஆம்பியருக்குக் குறையக்கூடாது, அதன் கிரவுண்டையும் ஆர்டுயினோ கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள், சேர்க்காவிட்டால் சிக்னலுக்குத் தலையும் தெரியாது காலும் தெரியாது. சர்வோ பிளக் பக்கத்திலேயே 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள், பிளஸ் மைனஸ் பார்த்து. பிரெட்போர்டு வழியாக மோட்டார் கரண்ட் கொடுக்காதீர்கள், அந்த ஜம்பர் வயர் முடி மாதிரி இருக்கும். யார் சர்வோ பிரச்சினை என்று வந்தாலும் இதுதான் மருந்து, மற்றதெல்லாம் கதை.

அரூர் கோழிப்பண்ணை

என்னுடையதும் ஆடுகிறது. முட்டை திருப்பும் டிரேவுக்கு வைத்தது. ஆனால் எடை ஏற்றினால்தான் என்று இல்லை, சும்மா நிற்கும்போதே ஆடும், அதுவும் ஒரே இடத்தில் மட்டும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் அமைதி. நடு ராத்திரியில் இன்குபேட்டருக்குள் இருந்து டிர்ர்ர் என்று சத்தம், வீட்டுக்காரம்மா எலி என்று விளக்குமாற்றோடு வந்துவிட்டாள். கெப்பாசிட்டர் போட்டேன், குறையவில்லை.

கிருஷ்ணகிரி ரேடியோ கடை

மூன்று பேரும் மூன்று வியாதியைச் சொல்கிறீர்கள். முப்பது வருஷம் டிரான்சிஸ்டர் பிரித்தவன், இப்போது பேரனின் கிளைடருக்கு சர்வோ பிரிக்கிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கோழிப்பண்ணைக்காரரே, உங்களுடையது சுலபம். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும்போது ஒரு இடத்தில் மட்டும் கரகர என்று வருமே, அதே நோய். சர்வோவின் கடைசி கியர் தண்டு உள்ளே ஒரு குட்டி வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பிக்கொண்டே இருக்கும், அதை பொட் என்பார்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று சர்வோவுக்குத் தெரிவது அதன் நடுக்காலில் வரும் வோல்டேஜால் மட்டும்தான். உங்கள் டிரே மாதக்கணக்கில் அதே இரண்டு நிலையில் நிற்கிறது, அந்த இடத்தில் கார்பன் தேய்ந்திருக்கும். தண்டு அசையாமலே வோல்டேஜ் துள்ளும், சர்வோ தான் நகர்ந்துவிட்டதாக நினைத்துத் திருத்தப் போகும். மூடியைக் கழற்றி, பவர் இல்லாமல், நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் மீட்டர் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முள் மீட்டர் இருந்தால் நல்லது, குதிப்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பாப்பாவின் தக்காளி. ஓசூர் தம்பி சொன்னது பாதி சரி. சப்ளை சரியில்லாமல் சோதனையே செய்ய முடியாது, அதுவரை சரி. ஆனால் நல்ல சப்ளை கொடுத்தாலும் சாதாரண சர்வோ பாரத்தில் கொஞ்சம் துடிக்கும், அதன் பிறப்பே அப்படி.

சிக்னல் வயரில் 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரு பல்ஸ் வருகிறது. உங்கள் கட்டளை அதன் அகலம்தான், 1500 மைக்ரோ செகண்ட் என்றால் ஏறக்குறைய நடு. பல்ஸ் வந்த கணத்தில் உள்ளே இருக்கும் சிப் தன் சொந்தப் பல்ஸ் ஒன்றையும் தொடங்கும், அதன் அகலத்தைத் தீர்மானிப்பது பொட். இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன, எது முந்தி முடிகிறது என்று சிப் பார்க்கிறது. உங்கள் கை தக்காளி பாரத்தில் 2 டிகிரி தொங்கிவிட்டது என்று வையுங்கள். ஒரு டிகிரிக்கு சுமார் 10 மைக்ரோ செகண்ட், ஆகவே சொந்தப் பல்ஸ் 1480, வந்த பல்ஸ் 1500, வித்தியாசம் 20. அவ்வளவு குறுகிய தட்டில் மோட்டார் அசையாது, அதனால் சிப் அதை இழுத்துச் சில மில்லி செகண்டாக நீட்டி மோட்டாருக்குக் கொடுக்கும். மிச்ச நேரம் மோட்டார் சும்மா, அடுத்த பல்ஸ் வரும்வரை.

கவனியுங்கள், வித்தியாசம் இருந்தால்தான் மோட்டாருக்கு பலம். கொஞ்சம் தொங்கினால்தான் தாங்கும். முழுதாகச் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் மோட்டார் கையை விட்டுவிடும், கை இறங்கும், மறுபடி உதை. ஒரு சில மைக்ரோ செகண்ட் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட டெட் பேண்ட் என்று ஒன்று உண்டு, பாரம் கையை அந்த எல்லைக்கு வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அந்த 9 கிலோ. அது 9 கிலோ இல்லை, தண்டிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் 9 கிலோ. அதுவும் திணறி நின்றுவிடும் எல்லை, வேலை செய்யும் எல்லை இல்லை. கிரிப்பர் எத்தனை கிராம்?

பாலக்கோடு பாலிடெக்னிக்

கிரிப்பர் 120 கிராம், 18 செ.மீ.யில். பிளைவுட் 60 கிராம், அதன் நடு 10 செ.மீ.யில்.

இப்போதுதான் கணக்குப் போட்டேன். கிரிப்பருக்கு 2.16, பிளைவுட்டுக்கு 0.6, சேர்ந்து வெறும் கையே 2.8 கிலோ சென்டிமீட்டர் வருகிறது. தக்காளி 0.15 × 20, அது ஒரு 3. மொத்தம் 5.8. 150 கிராம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தர்மபுரி டிரோன்

இதற்கு இவ்வளவு பேச்சா. டிஜிட்டல் சர்வோ வாங்கிப் போடுங்கள், அதில் பொட்டே கிடையாது, ஆடாது.

கிருஷ்ணகிரி ரேடியோ கடை

தம்பி, பெரும்பாலான டிஜிட்டல் சர்வோவிலும் அதே பொட்தான் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள். மாறுவது மோட்டாரை உதைக்கும் வேகம். இருபது மில்லி செகண்ட் காத்திருக்காமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சின்னச் சின்னதாகத் தட்டும், அதனால் இறுக்கமாகப் பிடிக்கும், கரண்டும் கூடுதலாகக் குடிக்கும். பொட் இல்லாமல் காந்த சென்சார் வைத்தவையும் உண்டு, விலை வேறு.

பாப்பா, ஆட்டம் எப்படி இருந்தது? ம்ம்ம் என்ற சத்தத்தோடு மெல்லிய துடிப்பா, நொடிக்கு மூன்று நான்கு தடவை மேலும் கீழுமா? முதலாவது என்றால் அந்த 20 மில்லி செகண்ட் உதை, நொடிக்கு 50. இரண்டாவது என்றால் வேறு கதை.

ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் நாபைக் கழற்றிவிட்டு நேராக

```
s.writeMicroseconds(1500);
```

என்று மட்டும் கொடுங்கள், நாப் நடுங்கினால் கட்டளையே நடுங்கும். அப்புறம் 20 செ.மீ. கையைக் கழற்றிவிட்டு 5 செ.மீ. குச்சி போட்டு, 1500இல் அது படுக்கையாக நிற்கும்படி மாட்டி, நுனியில் ஒரு கிலோ படிக்கல்லைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். முறுக்கு 5, ஏறக்குறைய உங்கள் தக்காளிக் கைதான், ஆனால் சுழலும்போது வரும் மந்தம் நாலில் ஒரு பங்குகூட இல்லை, ஏனென்றால் அது தூரத்தின் இருமடிக்கு ஏறும்.

ஓசூர் நைட் ஷிப்ட்

படிக்கல்லெல்லாம் எதற்கு? ஒரு கெப்பாசிட்டர் பத்து ரூபாய். முதலில் அதைச் செய்துவிட்டுப் பேசுங்கள்.

பாலக்கோடு பாலிடெக்னிக்

இரண்டும் செய்தேன்.

அண்ணா சொன்ன அடாப்டர், கெப்பாசிட்டர், தடித்த வயர். முன்பு தக்காளி வைத்ததும் சர்வோ பிளக்கில் 5.0 இலிருந்து 4.5 வரை இறங்கியது, இப்போது 4.9 இல் நிற்கிறது. மீட்டர் சராசரிதான் காட்டும், உண்மையில் இன்னும் குழி விழுந்திருக்கும். ஆட்டம் பாதி குறைந்தது. நாபை எடுத்ததும் இன்னும் கொஞ்சம் குறைந்தது, அது எங்கள் டீமில் யாருக்கும் தோன்றவில்லை.

பாக்கி ஆட்டம் நொடிக்கு நாலு மாதிரி, நுனியில் 4 மி.மீ., அதாவது ஒரு டிகிரிக்கு மேல். படிக்கல் தொங்கவிட்டபோது அந்த ஆட்டம் போயே போய்விட்டது! ம்ம்ம் சத்தம் மட்டும், கயிற்றைத் தொட்டால் விரலில் லேசாகத் துடித்தது.

கிருஷ்ணகிரி ரேடியோ கடை

அதுதான். பாரத்தை அது தாங்குகிறது, நீளக் கையை நிறுத்தத்தான் தெரியவில்லை. உதைத்த வேகத்தில் கை இலக்கைத் தாண்டுகிறது, திருப்பி இழுக்கிறது, இந்தப் பக்கம் தாண்டுகிறது. பிளைவுட் வளைந்து கொடுப்பது வேறு சேர்ந்துகொள்கிறது, பொட் பார்ப்பது தண்டை மட்டும், நுனி என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது.

கையை 14 செ.மீ. ஆக்க முடியுமா? முடியாவிட்டால் சைக்கிள் டியூபை வெட்டி கைக்குப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள், 2 கிலோ சென்டிமீட்டர் அளவுக்கு. 2.8ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் தக்காளி இல்லாதபோது டியூப் மேலே இழுக்கும், இருக்கும்போது பாரம் கீழே இழுக்கும், கியர் பல் இடைவெளியில் கை இங்கேயும் அங்கேயும் விழுந்து தட்டும். பாரம் எப்போதும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

அரூர் கோழிப்பண்ணை

பிரித்தேன் ஐயா, மீட்டர் முள் அதே இடத்தில் குதிக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்தேன், இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் எலி திரும்பிவிட்டது. சர்வோ தண்டில் மாட்டும் ஹார்னை நாலு பல் தள்ளி மாட்டி, புரோகிராமில் கோணத்தை மாற்றிவிட்டேன், இப்போது தேயாத இடத்தில் நிற்கிறது.

பாலக்கோடு பாலிடெக்னிக்

டியூப் கட்டியாகிவிட்டது. ஆட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பத்து நிமிஷம் தக்காளியோடு நிறுத்தி வைத்தால் மெதுவாக மறுபடி ஆரம்பிக்கிறது, சர்வோ உடம்பு தொட முடியாத சூடு. இறக்கி ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது.

ஓசூர் நைட் ஷிப்ட்

சூட்டில் மோட்டார் பலம் குறைகிறது. 6 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி ரேடியோ கடை

சூடாக இருப்பதற்கு இன்னும் வோல்டேஜா? பொறு தம்பி. எனக்கு பொட் மேல்தான் சந்தேகம், ஆனால் மோட்டார் பிரஷ்ஷாகவும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல மாட்டேன். சூடாக இருக்கும்போதே தக்காளியை எடுத்துவிட்டு வெறும் கை ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.