ஜவ்வரிசி வடாம் நடுவில் மட்டும் பொரியவில்லை, எண்ணெய் சூடு எவ்வளவு வேண்டும்?

வணக்கம். பொரித்துப் பழகியவர்களிடம் ஒரு சந்தேகம்.

உளுந்து அப்பளத்துக்கு எண்ணெயை 185 டிகிரி செல்சியஸில் வைக்கிறேன். போட்ட இரண்டு மூன்று நொடியில் விரிந்துவிடுகிறது, சிவக்கும் முன்பே எடுத்துவிடலாம். அதே எண்ணெயில் ஜவ்வரிசி வடாம் போட்டால் ஓரம் வெள்ளையாக மலர்கிறது, நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு புள்ளி அப்படியே நிற்கிறது. கடித்தால் பல் உடையும் கெட்டி.

இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, சூடு. வடாத்துக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் சட்டென்று ஆவியானால்தான் மாவு உப்பும். சூடு குறைந்தால் ஆவி மெதுவாகக் கசிந்து வெளியேறிவிடும், மாவு உப்பாமலேயே இறுகிவிடும். அரை லிட்டர் எண்ணெயில் நாலைந்தை ஒன்றாகப் போட்டாலே சூடு சடாரென்று இறங்குகிறது. ஒவ்வொன்றாகப் போட்டால் புள்ளி சிறிதாகிறது, ஆனால் மறைவதில்லை.

இன்னொன்று, காய்ச்சல். நடு தடிமனாக இருப்பதால் அங்கே ஈரம் மிச்சமா, அல்லது டப்பாவில் பல மாதம் இருந்து மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டதா? ஈரம் அடியோடு போனாலும் உப்பாது என்பதால்தான் இந்தக் குழப்பம். உடைத்துப் பார்த்தால் நடுவும் ஓரமும் ஒரே மாதிரி 'டக்'கென்று உடைகிறது.

தடித்த வடாத்துக்கு 200 டிகிரி வரை போகலாமா? பொரிக்கும் முன் ஒரு மணி நேரம் வெயில் காட்டி யாருக்காவது பலன் கிடைத்ததா? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் அளவைச் சொன்னால் பெரிய உதவி.