உருள்தேவையா, உத்தேசமா? (இழை: வார்ப்படப் பட்டறைகளுக்கான கடிதம்)

நொய்யல்மகள் எழுதியது, செவ்வாய் காலை

குழும நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளி மாலைக்குள் ஒரு கடிதத்தைத் தமிழில் தர வேண்டும். கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு நிறுவனம், தனக்கு வார்ப்படம் ஊற்றித் தரும் சிறு பட்டறைகளுக்கு மாதாமாதம் அனுப்புகிற கடிதம். பம்பின் வெளிக்கூடான கேசிங் வரும் நான்கு மாதங்களில் எத்தனை தேவைப்படும் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கும். அடுத்த மாதம் இதே கடிதம் மறுபடி போகும். முதல் மாதம் கழன்று, கடைசியில் ஒரு புது மாதம் சேரும். அலுவலகத்தில் இதை ‘ரோலிங் ஃபோர்காஸ்ட்’ என்கிறார்கள்.

என் வரைவில் ‘சுழல் முன்னறிவிப்பு’ என்று போட்டிருக்கிறேன். இந்த முறை கூடுதலாக ஓர் எச்சரிக்கையும் உண்டு: ‘பருவமழை தொடங்கினால் அளவுகள் குறைய வாய்ப்புள்ளது.’ இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. உதவுங்கள்.

இலக்கணன் எழுதியது, செவ்வாய் மதியம்

அம்மா, ‘சுழல்’ கூடாது. சுழல்வது புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். சுயஉதவிக் குழுக்களின் ‘சுழல்நிதி’ சரி, பணம் திரும்பி வருகிறது. உங்கள் பட்டியலில் கழன்றுபோன மாதம் திரும்புவதில்லை.

‘உருள்’ இருக்கிறதே. ‘உருள்பெருந்தேர்’ என்கிறது 667ஆம் குறள். வினைத்தொகை என்பதைக் கவனியுங்கள். உருண்ட தேர், உருள்கின்ற தேர், உருளும் தேர் என மூன்று காலமும் ஒரே சொல்லுக்குள் கரந்து நிற்கின்றன. போன மாதத்தைக் கழித்து, இந்த மாதத்தைப் பிடித்து, வரும் மாதத்தைச் சேர்க்கும் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எந்த மொழியில் கிடைக்கும்? ஆகவே ‘உருள்தேவை’. உருள், உருளி, உருளை, உருண்டை என்று இந்த வேர் விரிவதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

‘வாய்ப்பு’ என்பதும் தவறு. நல்லது கிட்டுவதற்குத்தான் வாய்ப்பு. வேலைவாய்ப்பு என்கிறோம், வேலையிழப்பு வாய்ப்பு என்போமா?

பட்டறையான் எழுதியது, செவ்வாய் இரவு

ஐயா வணக்கமுங்க. நான் தமிழ் படிச்சவன் இல்லீங்க, சிட்கோ பக்கம் பட்டறை வெச்சிருக்கறவன். இந்தக் கடுதாசி எனக்கும் வருது, வேற கம்பெனியிலிருந்து.

‘உருள்’னு போட்டீங்கன்னா எங்க பசங்க ‘கம்பெனி உருட்டு’ன்னு சிரிப்பானுங்க. இப்பெல்லாம் உருட்டுன்னா அளந்து விடறது. அதுல கொஞ்சம் உண்மையும் இருக்குதுங்க, அது வேற கதை. நாங்க இதை உத்தேச ஷெட்யூல்னுதான் சொல்லறோம். உத்தேசம்னா எல்லாருக்கும் வெளங்கும்.

இலக்கணன், அன்றிரவே

உத்தேசம் வடசொல். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

மணிபல்லவம் எழுதியது, புதன் காலை

யாழ்ப்பாணத்தில் வணிகக்கல்வி படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஒரு சொல். எங்கட பாடப்புத்தகங்களில் வாங்குவோர் பக்கம் கேள்வி, விற்போர் பக்கம் நிரம்பல். வானிலைக்கு எதிர்வுகூறல் எண்டுதான் வானொலியிலும் சொல்லுவினம். எனவே ‘உருளும் கேள்வி எதிர்வுகூறல்’. ஆக்கத் தேவையில்லை, ஏற்கனவே புழங்குகிற சொற்கள்.

பட்டறையான்

அக்கா கோவிச்சுக்காதீங்க. கேள்வின்னு தலைப்புல போட்டா, பதில் எழுதி அனுப்போணுமான்னு கேப்பாங்க இங்க.

ஓர் ஆசிரியர் எழுதியது, புதன்

பள்ளிகளில் ‘தொடர் மதிப்பீடு’ என்று ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறதே. மாணவரை ஆண்டு முழுதும் மதிப்பிடுவது. அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாமே? பட்டறைகளின் தரத்தை மாதாமாதம் மதிப்பிடுவதுதானே இது?

நொய்யல்மகள்

ஐயா, பட்டறையை யாரும் மதிப்பிடவில்லை. எத்தனை கேசிங் வாங்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ‘தொடர் மதிப்பீடு’ என்று போட்டால் பட்டறைக்காரர்களும் உங்களைப் போலவே படிப்பார்கள் என்று தெரிகிறது. அந்த வகையில் நன்றி.

கொள்முதலார் எழுதியது, புதன் மாலை

சொல் எதுவாயினும் சிக்கலில்லை என்பேன். பதினைந்து ஆண்டு கொள்முதலில் இருக்கிறேன். கடிதத்தின் கீழே ‘இது ஆர்டர் அல்ல’ என்று ஒரு வரி இருந்தால் போதும். அதற்குப் பின் அளவு குறைந்தாலும் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. எச்சரிக்கைக்கு ‘குறையலாம்’ என்று எழுதி முடியுங்கள்.

இலக்கணன்

‘-லாம்’ இசைவையும் குறிக்கும், ஐயத்தையும் குறிக்கும். ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி, ‘மழை வரலாம்’ என்றால் ஐயம். ஐயம் மட்டும் வேண்டுமென்றால் ‘குறையக்கூடும்’.

இன்னொன்று. ‘முன்னறிவிப்பு’ என்பதை வானிலைக்குச் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் ‘முன்னறிவிப்பின்றி மாற்றப்படும்’ என்கிறபோது அதே சொல் நோட்டீசு ஆகிவிடுகிறது. ஒரு நிறுவனம் பட்டறைக்கு முன்னறிவிப்பு அனுப்பினால், அறிவித்தாகிவிட்டது, இனி மாறாது என்று படிக்க இடமுண்டு.

பட்டறையான் எழுதியது, புதன் இரவு

அதேதானுங்க எனக்கு நடந்தது. கொள்முதலண்ணன் ஒரு வரி போதும்னு சொல்லறாரு, அதனால இதை எழுதியே ஆகோணும்.

போன வருசம் பிப்ரவரில வந்த பட்டியல்ல ஜூனுக்கு 900 கேசிங். மார்ச்சுப் பட்டியல்ல அதே ஜூன் 700. ஏப்ரல்ல 500. கீழே ‘அளவுகள் மாறக்கூடும்’னு ஒரு வரி. அது எல்லா மாசமும் இருக்கற வரிங்க, பஸ்ஸுல ‘உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு’ன்னு எழுதியிருக்கற மாதிரி. யாரு படிக்கறா?

ஏப்ரல் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே, ஆளு சும்மா நிக்கறானுங்களேன்னு ஜூனுக்கு 600 ஊத்தி வெச்சுட்டேன். 700 கேட்டவங்க 600ஆவது எடுப்பாங்கன்னு ஒரு கணக்கு. கடைசில ஜூனுக்கு வந்த ஆர்டர் 380. மிச்சம் 220 கேசிங், ஒண்ணு ஒம்பது கிலோ, ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சேன். அப்பறம் ஃபிளாஞ்சுல போல்ட் ஓட்டை எடத்தை மாத்திப் புது மாடல் வந்துருச்சு. துருப்புடிச்சதை எடுத்து மறுபடி ஃபர்னஸ்லதான் போட்டேன். இரும்பு திரும்பி வந்துருங்க. மணலு, கோர், கூலி, கரண்டு எதுவும் திரும்பி வராது.

கம்பெனியில கேட்டா ‘இது ஆர்டர் அல்ல’ங்கற வரியைக் காட்டினாங்க. அந்த வரியால அவங்க தப்பிச்சாங்க, நான் தப்பிக்கலீங்க. இப்ப எந்தப் பட்டியல் வந்தாலும் என் பங்குக்கு கால்வாசி கழிச்சுட்டுத்தான் ஊத்தறேன். இந்த மார்ச்சுல நெசமாவே தேவை ஏறினப்ப என்கிட்ட சரக்கு இல்லை. அவங்க லைன் ரெண்டு நாள் நின்னுது.

அச்சாணி எழுதியது, வியாழன் காலை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உற்பத்தித் திட்டமிடலில் இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறையான் தம்பியின் மடலில் எல்லாம் இருக்கிறது. சொல்லைத் தேடும் முன் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒரே பட்டியலில் நாலு மாதம் இருந்தாலும் நாலும் ஒரே வகை எண்கள் அல்ல. முதல் மாதம் உறுதி. அதை ஊற்றலாம், நிறுவனம் எடுத்தே ஆக வேண்டும். இரண்டாம் மாதம் இத்தனை விழுக்காட்டுக்குள் ஏறி இறங்கும் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிக் அயர்ன், ஸ்கிராப் வாங்கி வைக்கலாம், ஊற்றக் கூடாது. மூன்றாவதும் நான்காவதும் ஆள் பார்க்கவும் ஃபர்னஸ் பராமரிப்புக்கு நாள் குறிக்கவும் மட்டும். தம்பி மூன்றாம், நான்காம் மாத எண்ணை முதல் மாத எண்ணாகப் படித்தார். அதில் அவர் தவறு பாதிதான். பட்டியலில் எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே கட்டத்தில் இருந்தன. மாதங்களை ஆங்கில எழுத்தால் ‘என், என் பிளஸ் ஒன், என் பிளஸ் டூ’ என்று குறித்து அனுப்புவார்கள். ஒரு பட்டறைக்காரர் என்னிடமே கேட்டிருக்கிறார், ‘என்’னா யாருது சார், உங்களுதா எங்களுதா என்று.

அடுத்தது, குறைவதை எப்படிச் சொல்வது. ‘குறையலாம்’, ‘குறையக்கூடும்’ எதை எழுதினாலும் பட்டறையில் யாரும் ஒரு கேசிங் குறைத்து ஊற்றப்போவதில்லை. எண்ணாகச் சொல்ல வேண்டும். ஜூன் 900 என்பதன் பக்கத்திலேயே ‘மழை முந்தினால் 500’ என்று இன்னொரு கட்டம். வடக்கே மழை பிடித்துவிட்டால் விவசாயி பம்ப் வாங்குவதைத் தள்ளிப்போடுவார் என்பது நிறுவனத்துக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். அதை ஒரு வாக்கியமாகப் பட்டறைக்குத் தருவது, குடையின் படத்தைத் தருவது போல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பயந்துகொண்டு கீழ் எண்ணை 200 என்று போட்டால் அதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக, கடிதத்தில் ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமென்றால், போன இரண்டு கடிதங்களில் இதே மாதத்துக்கு என்ன எண் கொடுத்தோம் என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். 900, 700, 500 என்று பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடுத்தது என்ன என்று சொல்லிவிடுவார். ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் சந்தை ஆடுகிறது. ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே வந்தால் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் கூட்டித்தான் சொல்கிறது என்று பொருள்.

கொள்முதலார்

கீழ் எண்ணை எழுதிக் கொடுத்தால் அந்த அளவுக்கு நாங்கள் பொறுப்பேற்க வேண்டி வரும் ஐயா. எங்கள் நிதித்துறை விடாது.

அச்சாணி

அப்படியானால் ‘எச்சரித்தோம்’ என்று சொல்லாதீர்கள் தம்பி. முழு எண்ணுக்குப் பொறுப்பெடுக்கச் சொல்லவில்லை. 900 மட்டுமல்ல, மழை முந்தினால் 500 என்பதும் உங்கள் அனுமானம்தான் என்பதைச் சொல்லுங்கள் என்கிறேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

மணிபல்லவம்

‘நகர் கணிப்பு’ என்று வைத்தால் என்ன? உருட்டும் இல்லை, சுழலும் இல்லை.

இலக்கணன்

‘நகர் கணிப்பு’ என்றால் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று படிப்பார்கள். மேலும் கணிப்பு சோதிடரிடம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

நொய்யல்மகள் எழுதியது, வெள்ளி பிற்பகல்

நேரம் முடிந்தது, அனுப்பிவிட்டேன். தலைப்பு: ‘உத்தேசத் தேவைப் பட்டியல் – மாதம் ஒரு முறை திருத்தப்படும்’. ‘ரோலிங்’ என்பதற்கு ஒரு சொல் கிடைக்காமல் ஒரு வாக்கியமாகவே வைத்துவிட்டேன். ஆதரித்தவர்கள் மூவர், மற்றவர்கள் களைத்துப்போனீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாதங்களுக்குத் தலைப்பாக ‘ஊற்றலாம்’, ‘இரும்பு வாங்கலாம்’, ‘பார்வைக்கு மட்டும்’ என்று போட்டேன். முதல் இரண்டும் அனுமதி ‘-லாம்’ என்பதால் இலக்கணன் ஐயா மன்னிப்பார். கீழ் எண்ணுக்கும் பழைய எண்களுக்கும் கட்டங்கள் சேர்த்து அனுப்பினேன். பழைய எண்களை ஏற்றுக்கொண்டார்கள். கீழ் எண் கட்டத்தை அடித்துவிட்டு ‘குறையக்கூடும்’ என்ற வரியைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

பட்டறையான்

பழைய எண்ணு வருதா? அது போதுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்.

இலக்கணன் எழுதியது, வெள்ளி இரவு

‘உத்தேசம்’ என்ற முடிவில் எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழுமம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘உருட்டு’ இன்று இழிபொருள் பெற்றதால் ‘உருள்’ கெட்டுவிடாது. உருட்டுவது பிறவினை, உருள்வது தன்வினை. பட்டியல் தானே உருள்கிறது, நிறுவனம் உருட்டவில்லை என்று இந்தச் சொல்லே காட்டிவிடும். உருளி, உருளை பற்றிய என் மடல் தயாராகிறது. சற்று நீளமானது.